பந்தல் துணியும் இரண்டு கம்பங்களும்

மேசையில் மூன்றே பொருள்கள்: 10 மில்லிஹென்றி காயில் ஒன்று, 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. மூன்றையும் வரிசையாகக் கோத்து சிக்னல் ஜெனரேட்டரில் மாட்டியாயிற்று. 1 வோல்ட் கொடுத்தால் கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கு நடுவே 10 வோல்ட் எகிற வேண்டும் என்கிறது நோட்டில் போட்ட கணக்கு. மாணவன் குமிழைத் திருகித் திருகி அலுத்துப்போய், "சார், பத்தாயிரத்துல வெச்சுப் பாத்துட்டேன். ஏறவே இல்ல, இறங்கித்தான் கிடக்கு" என்றான்.

அவன் செய்த முதல் பிழை சின்னது. கணக்கில் வந்த 10,000, விநாடிக்கு இத்தனை ரேடியன் என்ற அளவில். ஜெனரேட்டர் காட்டுவதோ ஹெர்ட்ஸ். 6.28-ஆல் வகுத்தால் 1592 ஹெர்ட்ஸ். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் வழுக்குவார்கள். குமிழை அங்கே கொண்டுவந்த பிறகும் பத்து வோல்ட் வரவில்லை. அது இரண்டாவது பிழை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், அந்தப் பத்து எங்கிருந்து முளைத்தது என்று பார்த்துவிடுவோம்.

உள்ளே கொடுக்கும் மின்னழுத்தத்துக்கும் வெளியே எடுக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தைத்தான் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் என்கிறார்கள். அது ஒரு பின்னம். நம் சர்க்யூட்டில் ஆற்றலைச் சேமிக்கும் பொருள்கள் இரண்டு, காயிலும் கெப்பாசிட்டரும். அதனால் பின்னத்தின் கீழ்ப்பகுதி இருபடிக் கோவையாக வருகிறது:

```
s² + (R/L)·s + 1/(LC)
```

இந்தக் கீழ்ப்பகுதியைச் சுழியாக்கும் s மதிப்புகள் போல்கள். மேல்பகுதியைச் சுழியாக்குபவை ஜீரோக்கள். பள்ளியில் படித்த இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள்தான். புதிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் போல் என்பது வெறும் எண் அல்ல. கோயில் மணியை ஒரு தட்டு தட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டால் அது தன் சுருதியில் ஒலித்துத் தானே அடங்குகிறதே, அந்தச் சுருதியும் அடங்கும் வேகமும் சேர்ந்ததுதான் போல். 10 ஓம் போட்ட நம் சர்க்யூட்டுக்குப் போல்கள் −500 ± j9987. தட்டிவிட்டால் கிட்டத்தட்ட 10,000 ரேடியன் வேகத்தில் ஆடும், 500 என்ற வீதத்தில் தேயும் என்று பொருள். அதே இடத்தில் 1010 ஓம் போட்டால் ஆட்டமே இல்லை. போல்கள் −1000, −1,00,000 என்று இரண்டு மெய்யெண்களாகின்றன. ஒன்று ஒரு மில்லிவிநாடிக் கணக்கில் அடங்கும், மற்றது அதைவிட நூறு மடங்கு வேகமாக.

இதையே படமாகப் பார்க்கலாம். ஒரு பெரிய மைதானத்தில் பந்தல் துணி விரித்திருக்கிறது என்று வையுங்கள். போல் இருக்கும் இடமெல்லாம் அடியில் ஒரு கம்பம் துணியை உயரத் தள்ளுகிறது. ஜீரோ இருக்கும் இடமெல்லாம் துணியைத் தரையோடு ஆணியடித்திருக்கிறது. மைதானத்தின் நடுவே தெற்கு வடக்காக ஒரு பாதை. அதுதான் அதிர்வெண் அச்சு. கம்பங்கள் பாதைக்கு இடப்புறம் நிற்கின்றன. பாதையில் நடந்துகொண்டே தலைக்கு மேல் துணி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனால், கிடைப்பதுதான் அதிர்வெண் வரைபடம். கம்பம் பாதையை ஒட்டி நின்றால் அந்த இடத்தில் உயரம் குபுக்கென்று ஏறும். தள்ளி நின்றால் மெல்ல வளைந்து இறங்கும்.

உயரத்துக்குக் கணக்கும் உண்டு. நிற்கும் இடத்திலிருந்து ஜீரோக்களுக்கு உள்ள தூரங்களைப் பெருக்கி, போல்களுக்கு உள்ள தூரங்களால் வகுத்து, முன்னால் இருக்கும் மாறிலியால் பெருக்கினால் போதும்.

நேர்கோடுகளால் படம் போடும் வித்தை இந்தத் தூரத்தில்தான் ஒளிந்திருக்கிறது. −1000-ல் ஒரு கம்பம். பாதையில் 100 என்ற இடத்தில் நிற்கிறோம். கம்பத்துக்கு எவ்வளவு தூரம்? பிதாகரஸ்படி 1005. ஏறக்குறைய 1000தான். நடந்து 10,000-க்குப் போய்விட்டால் தூரம் 10,050. ஏறக்குறைய 10,000. அதாவது கம்பத்தின் தூரம், நாம் நடந்த தூரம் என்ற இரண்டில் எது பெரியதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடலாம். இரண்டும் சமமாகும் இடத்தில் மட்டும் இந்தக் குத்துமதிப்பு இடறுகிறது: 1000-ல் நிற்கும்போது உண்மைத் தூரம் 1414. டெசிபெல்லில் சொன்னால் 3 பிழை. ஒரு மெய்யெண் போலுக்கு மிக மோசமான இடத்திலேயே இவ்வளவுதான் தவறு. பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஹென்ட்ரிக் போட இந்த முறையை 1930களில் கொண்டுவந்தார். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் அளவுகோலும் பென்சிலும் போதும் என்றானது.

இனி வரைந்து பார்ப்போம். 1010 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, அந்த ரெசிஸ்டரின் மேலேயே வெளியீட்டை எடுக்கிறேன். அப்போது

```
H(s) = 101000·s / ((s + 1000)(s + 100000))
```

மேலே தனியாக ஒரு s இருக்கிறது. ஆகவே பாதை தொடங்கும் புள்ளியிலேயே ஒரு ஜீரோ, ஓர் ஆணி. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் செமிலாக் ஷீட் ஒன்றில், படுக்கை அச்சில் 10 முதல் 10,00,000 வரை ஐந்து பத்துமடங்குகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நிற்கும் அச்சு டெசிபெல்.

கோட்டை எங்கே தொடங்குவது என்பதில்தான் பலர் தவறுவார்கள். மாறிலியை மறந்துவிட்டு 0 டெசிபெல்லில் தொடங்கிவிடுவார்கள்; படத்தின் வடிவம் சரியாக இருக்கும், மொத்தமும் 40 டெசிபெல் மேலே மிதக்கும். இடது ஓரமான 10-ஐ எடுத்து எண்ணைப் போட்டுப் பார்ப்பதே வழி. அங்கே இரண்டு போல்களும் தத்தம் முழுத் தூரத்தில் இருக்கின்றன: 1,01,000 × 10-ஐ 1000 × 1,00,000-ஆல் வகுத்தால் 0.01. அதாவது −40 டெசிபெல். புள்ளியை அங்கே வையுங்கள்.

ஜீரோ ஒன்று பின்னால் இருப்பதால் கோடு பத்துமடங்குக்கு 20 டெசிபெல் ஏறிக்கொண்டே வரும். 100-ல் −20, 1000-ல் 0. அங்கே முதல் போல் குறுக்கிடுகிறது. ஒவ்வொரு மெய்யெண் போலும் தன் இடத்தைத் தாண்டியதும் சரிவிலிருந்து 20-ஐப் பிடுங்கிக்கொள்ளும். ஏற்றம் தீர்ந்து கோடு படுத்துக்கொள்கிறது. 1,00,000 வரை அப்படியே சமதரை. அங்கே இரண்டாவது போல். இன்னொரு 20 போக, கோடு இறங்கத் தொடங்கி 10,00,000-ல் −20-ஐத் தொடும். மேசை மாதிரி ஒரு படம். இரண்டு மூலைகளிலும் 3 டெசிபெல் கீழே புள்ளி வைத்துக் கையாலேயே வளைத்துவிட்டால் உண்மையான வளைவோடு ஒட்டிவிடும். நடுப்பகுதி அதிர்வெண்களை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் பேண்ட்பாஸ் ஃபில்டர் இது.

இப்போது எதையும் கழற்றாமல், புரோபை மட்டும் ரெசிஸ்டரிலிருந்து கெப்பாசிட்டருக்கு மாற்றுங்கள். கீழ்ப்பகுதி அதே, போல்கள் அதே. மேலே இருந்த s போய்விட்டது, ஆணி கழன்றுவிட்டது. கோடு 0 டெசிபெல்லில் படுத்தபடி தொடங்கி, 1000-க்குப் பின் 20 வீதமும் 1,00,000-க்குப் பின் 40 வீதமும் இறங்குகிறது. புரோபைக் காயிலுக்கு மாற்றினால் மேலே s² வந்து உட்காரும். இரண்டு ஆணிகள், கோடு 40 வீதம் ஏறித் தொடங்கும். போல் சர்க்யூட்டின் சொந்தக் குணம். ஜீரோ நாம் எங்கே கை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடுவது எனக்கு என்றுமே ஒப்பவில்லை.

ரெசிஸ்டரைக் குறைத்துக்கொண்டே வந்தால் கம்பங்கள் நகர்கின்றன. −1000-ல் இருந்ததும் −1,00,000-ல் இருந்ததும் ஒன்றையொன்று நோக்கி வந்து, 200 ஓமில் −10,000 என்ற ஒரே இடத்தில் சேர்கின்றன. இரண்டு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் மூலையில் 3-க்குப் பதில் 6 டெசிபெல் குறையும். இன்னும் குறைத்தால் இரண்டும் பிரிந்து, ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே, 10,000 ஆரமுள்ள வட்டத்தின் மேல் நழுவிப் பாதையை நெருங்கும்.

10 ஓமில் இதோ பாதைக்கு 500 தூரத்தில் ஒரு கம்பம். நேர்கோட்டு முறை அப்போதும் தன் பாட்டுக்கு, 10,000 வரை படுத்திருந்து பின் 40 வீதம் இறங்கும் கோட்டைத்தான் போடும். 10,000-ல் நிற்கும்போது அது நினைப்பது, இரண்டு கம்பங்களும் தலா 10,000 தூரத்தில் இருப்பதாக. பெருக்கினால் பத்துக் கோடி. உண்மையில் பக்கத்துக் கம்பம் 500 தூரம், அடுத்தது சுமார் 20,000. பெருக்கினால் ஒரு கோடிதான். வகுக்கும் எண் பத்தில் ஒன்றானதால் உயரம் பத்து மடங்கு: நேர்கோட்டுக்கு மேல் 20 டெசிபெல் கொம்பு. மாணவன் தேடிய பத்து இதுதான். காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து தரும் 100 ஓமை, √(L/C)-ஐ, ரெசிஸ்டரின் 10 ஓமால் வகுத்தாலும் அதே பத்து வரும். இதை Q என்பார்கள். Q ஒன்றைத் தாண்டினாலே நேர்கோட்டை அப்படியே நம்பாதீர்கள். மூலையில் Q-வைத் தனியாகக் குறித்துக்கொண்டு வளையுங்கள்.

மேசைக்குத் திரும்புவோம். 1592 ஹெர்ட்ஸில் அவனுக்குக் கிடைத்தது சுமார் 1.3 வோல்ட். குமிழைச் சற்றுக் கீழே இறக்கியும் ஒன்றரை வோல்ட்டைத் தொடவில்லை. நான் காயிலைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன்: 15 ஓம். செம்புக் கம்பியின் தடை. ஜெனரேட்டரின் உள்தடை 50 ஓம் என்று அதன் முகப்பிலேயே அச்சடித்திருந்தது. மொத்தம் 10 அல்ல, 75. Q-வும் 100/75, அதாவது 1.33. கம்பம் கணக்கில் பாதையருகே, மேசையில் எட்டத்தில்.

"அப்ப என் கணக்குத் தப்பா சார்?"

"கணக்கு சரிப்பா. நீ போட்டது வேற சர்க்யூட்டுக்கு."

ஸ்கோப்பின் ஒரு சேனலை ஜெனரேட்டரின் முனையிலும் இன்னொன்றைக் கெப்பாசிட்டரிலும் மாட்டச் சொன்னேன். 1592 ஹெர்ட்ஸில் ஜெனரேட்டரின் முனையில் 1 வோல்ட் நிற்கவில்லை, 0.33-ஆகத் தொய்ந்திருந்தது. 1.33-ஐ அதனால் வகுத்தால் நான்கு. ரெசிஸ்டரும் காயிலின் தடையும் சேர்ந்த 25 ஓமுக்கு வர வேண்டிய Q அதுதான்.

உள்தடை மிகக் குறைந்த ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும் தடித்த கம்பியில் சுற்றிய காயிலையும் வைத்து இதே சோதனையைச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பத்து மடங்கு நிஜமாகவே வரும். 10 வோல்ட் கொடுத்தால் கெப்பாசிட்டர் 100 வோல்ட்டைத் தாங்கியாக வேண்டும். மாட்டுவதற்கு முன் அதன் மேல் 63V என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.