விசிறி தெரியாத விமானம்

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தை ஒட்டிய சாலையில் நின்று, இருட்டப்போகிற நேரத்தில் எடுத்த ஒரு படத்தை என் அக்கா மகன் அனுப்பியிருந்தான். ஓடுபாதையை விட்டு அப்போதுதான் மேலெழுந்த விமானம். "மாமா, விசிறியே இல்லை. அப்போ இது ஜெட்தானே?" என்று கேட்டிருந்தான்.

விசிறி தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது ஏடிஆர் 72, டர்போபுராப் விமானம். மேலெழும்போது அதன் விசிறி நிமிடத்துக்கு 1,200 சுற்று, அதாவது நொடிக்கு 20 சுற்று சுற்றும். மங்கிய வெளிச்சத்தில் கேமரா ஒரு படத்துக்கு நொடியில் 60-இல் ஒரு பங்கு நேரம் கண் திறந்திருந்தால், அதற்குள் விசிறி மூன்றில் ஒரு பங்கு சுற்று போய்விடும். அந்த விசிறிக்கு ஆறு தகடுகள். ஒவ்வொன்றும் தன் இடத்தைக் கடந்து அடுத்ததின் இடத்தையும் தாண்டிவிடுவதால் படத்தில் மிஞ்சுவது லேசான புகைவட்டம் மட்டுமே. வெளிறிய வானத்தின் முன்னால் அதுவும் கரைந்துவிடும்.

ஆகவே படத்தில் முதலில் இறக்கையைப் பாருங்கள். அது சுற்றுவதில்லை, மறைவதுமில்லை. ஏ320 போன்ற பயணிகள் ஜெட்டின் இறக்கை உடலின் அடிப்பகுதியிலிருந்து புறப்பட்டு, வாலை நோக்கிச் சாய்ந்து போகும். ஒலியின் வேகத்தை நெருங்கிப் பறக்கும்போது இறக்கைமேல் காற்று சீறி, இழுவை திடீரென்று கூடும். சாய்த்து வைத்தால் அந்தத் தொல்லை தள்ளிப்போகும். மணிக்கு சுமார் 500 கிலோமீட்டரில் போகும் ஏடிஆருக்கு அந்தக் கவலை இல்லை. அதன் இறக்கை ஏறக்குறைய நேராக, உடலின் முதுகில் பலகை வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும். நீளமான விசிறி தரையில் இடிக்காமலிருக்க அந்த உயரம் உதவுகிறது.

அடுத்தது என்ஜின். ஏ320-இன் என்ஜின் இறக்கைக்குக் கீழே தொங்கும் அகன்ற பீப்பாய். புதிய ரகங்கள் சிலவற்றில் உள்ளிருக்கும் விசிறியின் குறுக்களவே 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏடிஆரின் என்ஜின் கூடு ஒல்லியாக, முன்பக்கம் கூம்பாக முடியும். காற்று புகும் வாய் அந்தக் கூம்புக்குக் கீழே சிறியதாக இருக்கும். என் அக்கா மகனின் படத்தைப் பெரிதாக்கியபோது இந்தக் கூம்பும் அதன் கீழ் வாயும் தெளிவாகத் தெரிந்தன. சக்கரங்களும் சாட்சி சொன்னன: அவை இறக்கையிலிருந்தோ என்ஜினிலிருந்தோ இறங்காமல், வயிற்றின் இருபுறமும் புடைத்த பகுதிகளிலிருந்து இறங்கியிருந்தன. ஏடிஆரைப் போலவே இருக்கும் டேஷ் 8 க்யூ400-இல் சக்கரம் என்ஜின் கூட்டுக்குள்ளிருந்து வரும்.

இறக்கை முதுகில் இருந்தாலே டர்போபுராப் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிஏஇ 146 என்ற ஜெட்டுக்கும் முதுகில்தான் இறக்கை, அதன் கீழே நான்கு என்ஜின்கள். அதனால் இறக்கையையும் என்ஜின் வாயையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கிளைடரை இறக்கையின் நீளமே காட்டிக்கொடுத்துவிடும். ஏடிஆர் 72-க்கு உடலும் சுமார் 27 மீட்டர், இறக்கை முனையிலிருந்து முனைவரையும் சுமார் 27 மீட்டர். பயிற்சிக்குப் பயன்படும் ஏஎஸ்கே 21 கிளைடரின் உடல் 8.35 மீட்டர், இறக்கையோ 17 மீட்டர், உடலைப் போல் இரண்டு மடங்கு. என்ஜின் இல்லாததால் ஒவ்வொரு மீட்டர் இறக்கத்துக்கும் முடிந்தவரை தூரம் போயாக வேண்டும். நீண்டு ஒடுங்கிய இறக்கையில் இழுவை குறைவு. தரையில் நிற்கும் கிளைடர் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு இறக்கை முனையைப் புல்லில் ஊன்றியிருக்கும். என்ஜினை முதுகுக்குள் மடித்து வைத்துக்கொள்ளும் கிளைடர்களும் உண்டு. அதனால் என்ஜினைத் தேடுவதைவிட இறக்கையை அளப்பதே மேல்.

ஹெலிகாப்டரில் குழப்பம் குறைவு. தலைக்கு மேலிருக்கும் விசிறியே அதைத் தூக்குகிறது. அது ஒரு பக்கம் சுற்றினால் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஒல்லியான வாலின் நுனியில் சின்ன விசிறி. சினூக் ஹெலிகாப்டரில் அது இல்லை. முன்னும் பின்னும் இரண்டு பெரிய விசிறிகள் எதிரெதிராகச் சுற்றி ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன.

அடுத்த ஞாயிறு நண்பகலில் அதே சாலையிலிருந்து இன்னொரு படம் வந்தது. நல்ல வெயிலில் கேமரா கண்ணை மூடித் திறக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால் ஆறு தகடுகளும் தனித்தனியாகத் தெரிந்தன. ஆனால் வாழைப்பழம்போல் வளைந்திருந்தன. கைபேசிக் கேமரா படத்தை ஒரே சமயத்தில் பதியாமல் வரி வரியாகப் பதிகிறது. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போவதற்குள் தகடு கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. விசிறியில் வளைவு இருந்த அதே படத்தில், இறக்கை மட்டும் அளவுகோல் வைத்ததுபோல் நேராக இருந்தது.