கீழ் முன்பல்லில் சொத்தை விழுந்தால்

பல் சொத்தைக்குப் பிடித்த இடம் கடைவாய்ப் பற்கள். அவற்றின் மேல்பக்கத்துப் பள்ளங்களில் உணவுத் துணுக்கு தங்கும், சொத்தையும் அங்கேயே தொடங்கும். கீழ்வரிசை முன்பற்கள் அப்படியல்ல. வாயில் பாதிப் பற்களை இழந்த முதியவர்களுக்குக்கூடக் கடைசிவரை நிற்பவை பெரும்பாலும் அவைதான். நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பிகளின் குழாய்கள் திறப்பது அந்தப் பற்களுக்கு நேர் பின்னால். நாள் முழுக்க எச்சில் அவற்றைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. அங்கே காரை அதிகம் படிவதற்கும் அதுவே காரணம்.

ஆகவே நடுவயதுப் பெண் ஒருவரின் கீழ் முன்பற்களில், ஈறை ஒட்டி வரிசையாகப் பழுப்புக் குழிகள் விழுந்திருந்தால், பல் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி எப்படிப் பல் தேய்க்கிறீர்கள் என்பதல்ல. இந்த வாயில் எச்சில் எங்கே போயிற்று என்பதுதான்.

எச்சில் வற்றப் பல காரணங்கள் உண்டு. சளிக்கும் அலர்ஜிக்கும் தரும் மாத்திரைகள், மன அழுத்த மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகள், கட்டுப்படாத சர்க்கரை நோய், தலை, கழுத்துப் பகுதியில் கொடுத்த கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவையே அதிகம் காணப்படுபவை. இவை எதுவும் இல்லாமல், அல்லது இவற்றால் மட்டும் விளக்க முடியாத அளவுக்கு வாயும் கண்ணும் சேர்ந்து வறண்டால், சந்தேகிக்க வேண்டியது ஷோகிரன்ஸ் நோய்.

ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933-இல் தன் ஆய்வேட்டில் 19 பெண்களைப் பற்றி எழுதினார். எல்லோருக்கும் கண் வறட்சி. பலருக்கு வாய் வறட்சியும் மூட்டு வாதமும் சேர்ந்திருந்தன. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய உடலின் எதிர்ப்பு அணுக்கள், தவறுதலாகக் கண்ணீர்ச் சுரப்பிகளுக்குள்ளும் எச்சில் சுரப்பிகளுக்குள்ளும் கூட்டமாகப் புகுந்து அவற்றைச் சிதைப்பதே இந்த நோய் என்று இன்று தெரியும். பாதிக்கப்படுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோருக்கு 40 வயதுக்கு மேல் வெளிப்படுகிறது. டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் 2011-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியின் பாதியில் விலகியபோது சொன்ன காரணம் இந்த நோய்தான். களைப்பும் மூட்டு வலியும் இதன் கூடவே வருபவை.

இந்த நோய் ஒருவருக்கு எப்படி வந்து சேரும் என்பதைப் பார்க்க, 48 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார். வகுப்பில் பேசப் பேச நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுவதால் மேசையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். பிஸ்கட்டைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாது. ரசம்கூட வாயில் எரிகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு சமாதானம் இருக்கிறது: வயது, வெயில், சாக்பீஸ் தூசி. எதையும் அவர் மற்றொன்றோடு சேர்த்துப் பார்த்ததில்லை. போன வருஷம் இரண்டு பல் அடைத்தார். இந்த வருஷம் மூன்று புதுச் சொத்தை. பழைய கேப்பின் ஓரத்திலும் கறுப்பு.

"டாக்டர், நான் ரெண்டு வேளையும் பல் தேய்க்கிறேன். இனிப்பு அதிகம் தொடமாட்டேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

"ராத்திரி தண்ணி குடிக்க எழுந்திருப்பீங்களாம்மா?"

"ரெண்டு, மூணு தடவை எழுந்திருப்பேன். பக்கத்துலயே சொம்பு வெச்சுப் படுப்பேன்."

பரிசோதிக்கும்போது அடையாளங்கள் தெளிவாகவே தெரியும். பல் மருத்துவரின் சிறிய கண்ணாடி கன்னத்தின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும்; இழுத்துத்தான் எடுக்க வேண்டும். நாக்கைத் தூக்கச் சொன்னால் அடியில் தேங்கி நிற்க வேண்டிய எச்சில் இருக்காது. இருப்பதும் நுரையாக, நூல்போல இழுபடும். நாக்கின் மேல் உள்ள சிறு மொட்டுகள் அழிந்து, அது சிவந்து வழவழப்பாகவோ வெடித்த களிமண் தரைபோலவோ கிடக்கும். வாய் ஓரங்கள் இரண்டிலும் வெடிப்பு இருக்கும்.

அந்தச் சிவப்பையும் எரிச்சலையும் 'வாய்ப்புண்' என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வாயில் வரும் பூஞ்சைத் தொற்று என்றால் தயிர்போல வெள்ளைப் படலம் இருக்கும் என்றே பலரும் நினைக்கிறோம். வறண்ட வாயில் அது பெரும்பாலும் வெள்ளையாக இல்லாமல் சிவப்பாகவே வரும். வைட்டமின் மாத்திரையால் அது போகாது. பூஞ்சைக்கான மருந்து போட்டால் எரிச்சல் அடங்கும். சப்பும் மாத்திரையாக வரும் சில பூஞ்சை மருந்துகளில் சர்க்கரை உண்டு. பல்லைக் காப்பாற்றப் போராடும் ஒருவருக்கு அதை எழுதித் தருவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

எச்சில் உண்மையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அளக்க ஒரு கோப்பையும் கடிகாரமும் போதும். நோயாளி எதையும் மெல்லாமல், விழுங்காமல், 15 நிமிடம் தலை குனிந்து உட்கார்ந்து, வாயில் ஊறுவதைக் கோப்பையில் விட வேண்டும். சாதாரணமாக ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சேரும். ஒன்றரை மில்லிக்கு மேல் சேரவில்லை என்றால் சுரப்பிகள் பழுதுபட்டிருக்கின்றன என்று கொள்ளலாம். கண் மருத்துவர் கீழ் இமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி, 5 நிமிடத்தில் கண்ணீர் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்று பார்ப்பார். 5 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் வறட்சி உறுதி. ஷோகிரன்ஸ் நோய்தானா என்பதை முடிவு செய்ய ரத்தத்தில் 'ரோ' எதிர்ப்பொருள் சோதனையும், தேவைப்பட்டால் கீழ் உதட்டின் உட்புறத்திலிருந்து சில சின்னஞ்சிறு சுரப்பிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதும் வழக்கம். உதட்டை மரத்துப்போகச் செய்து எடுக்கும் சிறிய கீறல்தான் அது. இதையெல்லாம் ஒன்று சேர்த்து முடிவு சொல்பவர் வாதநோய் நிபுணர், அதாவது ரூமடாலஜிஸ்ட்.

எச்சில் போனால் பல் ஏன் இவ்வளவு வேகமாகக் கெடுகிறது? நாம் எதைச் சாப்பிட்டாலும் அதிலுள்ள சர்க்கரையையும் மாவையும் வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் சுண்ணாம்பைக் கரைக்கிறது. ஆரோக்கியமான வாயில் எச்சில் அந்த அமிலத்தைச் சிறிது நேரத்தில் முறித்துவிடும். கரைந்த சுண்ணாம்புக்கு ஈடாகத் தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லில் திரும்பப் படிய வைக்கும். வறண்ட வாயில் அமிலம் அப்படியே நிற்கும். இழந்தது திரும்ப வராது. நடுவயதில் ஈறு கொஞ்சம் கீழிறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரியத் தொடங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். வேருக்கு எனாமல் கவசம் கிடையாது. எனாமல் தாங்கிக்கொள்ளும் லேசான அமிலத்திலேயே வேர் கரைந்துவிடும். அதனால்தான் சொத்தை ஈறை ஒட்டியும், பல் நுனிகளிலும், அடைத்த சிமெண்ட், போட்ட கேப் ஆகியவற்றின் விளிம்பிலும் வருகிறது.

அந்த ஆசிரியை இரண்டு காரியங்களைத் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறார். வாய் காயும்போதெல்லாம் சர்க்கரை போட்ட டீயை ஒவ்வொரு மடக்காகக் குடிக்கிறார். எச்சில் ஊறட்டும் என்று எலுமிச்சை மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொள்கிறார். புளிப்பு எச்சிலை ஊற வைக்கும் என்பது உண்மைதான். ஊற வழியில்லாத சுரப்பியில் அந்தப் புளிப்பு நேராகப் பல்லைத்தான் அரிக்கும். இரண்டையும் நிறுத்தாமல் பல்லை அடைத்துக்கொண்டே போனால், அடைத்ததற்கு ஓரத்தில் அடுத்த வருஷம் மறுபடி குழி விழும்.

எனவே சிகிச்சையின் மையம் அடைப்பது அல்ல, ஃபுளோரைடுதான். நம் கடைகளில் கிடைக்கும் ஃபுளோரைடு பற்பசைகளில் அதன் அளவு பொதுவாக 1000 பிபிஎம் வரை. இந்த நோயாளிகளுக்கு 5000 பிபிஎம் உள்ள பற்பசையைப் பல் மருத்துவர்கள் எழுதித் தருவது உலகெங்கும் வழக்கம். அது பெரியவர்களுக்கு மட்டும், விழுங்கக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். இரவு படுக்கும் முன் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளிக்காமல் படுக்க வேண்டும். நம் வீடுகளில் பல் தேய்த்ததும் சொம்பு சொம்பாகக் கொப்பளிப்போம். அந்தத் தண்ணீரோடு மருந்தும் போய்விடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்வது இதோடு சேர வேண்டும். சில நிமிட வேலை. சொத்தை விழும் அந்த ஈறு ஓரங்களில் தூரிகையால் தடவுவார்கள்.

எச்சிலைத் தூண்ட, சாப்பிட்டதும் சைலிடால் சேர்த்த, சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லலாம். பிலோகார்பைன் என்ற மாத்திரை, மிஞ்சியிருக்கும் சுரப்பியை வேலை செய்ய வைக்கும். வழக்கமான அளவு 5 மில்லிகிராம், நாளைக்கு நான்கு வேளை. வியர்த்துக் கொட்டும், அடிக்கடி சிறுநீர் வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் சிலவகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. சுரப்பி முற்றிலும் அழிந்துவிட்டவர்களுக்கு அது உதவாது. அவர்களுக்குச் செயற்கை எச்சில் ஜெல்லும், கூடவே வெறும் தண்ணீரும்தான். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வறட்சியைக் கூட்டும் என்பதால் தவிர்க்க வேண்டும். மூக்கடைப்புக்காக வருஷக்கணக்கில் போட்டுவரும் அலர்ஜி மாத்திரையை மாற்ற முடியுமா என்று எழுதித் தந்த மருத்துவரையே கேட்கலாம்.

விழுந்த குழிகளை அடைக்கத்தான் வேண்டும். ஃபுளோரைடு கசியும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் இதற்கு ஏற்றது. மிகவும் வறண்ட வாயில் சாதாரண வகை வெடித்துத் தேய்ந்துவிடுவதால், ரெசின் கலந்த வகையைப் பலர் விரும்புகிறார்கள். எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு செட் போட்டுக்கொண்டால் தொல்லை தீரும் என்று நினைக்க வேண்டாம். முழுப் பல் செட்டை அண்ணத்தில் பிடித்து நிறுத்துவது மெல்லிய எச்சில் படலம்தான். அது இல்லாத வாயில் செட் நிற்காது, உராய்ந்து புண்ணாக்கும். இருக்கிற பல்லைக் காப்பாற்றுவதே இவர்களுக்கு நல்ல வழி.

இந்த நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் கவனிக்காமல் விடக் கூடாத ஒன்று உண்டு. காதுக்கு முன்னும் கீழும் உள்ள எச்சில் சுரப்பி, சாப்பிடும்போது மட்டும் வீங்கி வடிந்தால் அது அடைப்பாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வீங்கி, வாரக்கணக்கில் வடியாமல், தொட்டால் கெட்டியாக இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த நோயாளிகளில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் வர வாய்ப்புண்டு. பலருக்கு அது முதலில் தலைகாட்டும் இடம் இந்தச் சுரப்பிதான்.