தெரிந்த மேனேஜருக்கு எழுதும் கடிதம்

பதவி உயர்வுக்கான நேர்காணல் முடிந்தது. எதிரே அமர்ந்து கேள்வி கேட்டவர் தினமும் பார்க்கும் மேனேஜர்தான். அவருக்கு மறுநாள் ஒரு மெயில் அனுப்பலாம். வாட்ஸ்அப் வேண்டாம், மெயில் என்றால் ஹெச்.ஆருக்கும் அனுப்பலாம், பதிவாகவும் இருக்கும்.

உங்கள் திறமைகளை அதில் மறுபடி அடுக்க வேண்டாம். அவை அவருக்குத் தெரியும். நேர்காணலில் பாதியில் நின்ற பதிலை முடித்துவைப்பதே பயன் தரும். கணக்குப் பிரிவில் இருப்பவர் குழுத் தலைவர் பதவிக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம் மேடம். நேற்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. என் இப்போதைய வேலையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டீர்கள். மாத இறுதிக் கணக்கை முடித்துவிட்டு, இரண்டு வாரத்தில் பொறுப்பை ஒப்படைக்க முடியும். வேறு விவரம் தேவைப்பட்டால் சொல்லுங்கள்."

பழைய நட்பையோ, மற்ற போட்டியாளர்களையோ குறிப்பிடக் கூடாது. அது அவரைச் சங்கடத்தில் தள்ளும். முடிவு சொல்வதாகக் கூறிய தேதி கடந்தால், இரண்டு மூன்று வேலை நாள் பொறுத்து ஒரே ஒரு முறை கேளுங்கள்: "முடிவு எப்போது தெரியும் என்று சொன்னால் உதவியாக இருக்கும், மேடம்."

கேன்டீனிலும் லிஃப்டிலும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.