லட்சம் சித்திரங்களில் ராமர் கதை!

ஆவடியிலும் அம்பத்தூரிலும் இரவில் பாட்டிமார் ராமர் கதை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ராவணன் வந்தால் குரல் இடிபோல் முழங்கும். சீதை வந்தால் குரல் தழைந்துவிடும். ஒரே பாட்டிக்குப் பத்துக் குரல்!

இதே கதையைச் சித்திரப் படமாக எடுத்தார் ஒரு ஜப்பானியர். அவர் பெயர் யூகோ சாகோ.

1983-ம் ஆண்டு அவர் இந்தியாவுக்கு வந்தார். ராமாயணத் தொடர்புள்ள இடங்களில் நடந்த அகழ்வாராய்ச்சி பற்றிப் படம் எடுப்பது அவர் நோக்கம். வந்தவரின் மனத்தை ராமாயணம் கவர்ந்துவிட்டது.

எதிர்ப்பு

“அந்நியர் ஒருவர் ராமாயணத்தைக் கேலிச் சித்திரம் ஆக்குவதா?” என்று இங்கே எதிர்ப்பு எழுந்தது. சாகோ மனம் தளரவில்லை. ராம் மோகன் என்ற இந்தியச் சித்திரப்பட நிபுணரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். படம் ஜப்பானில் உருவாயிற்று.

அங்கே ஒரு சங்கடம். ஜப்பானிய ஓவியர்களுக்கு வேட்டி கட்டும் விதம் தெரியாது. பெரியவர்கள் பிள்ளைகளை எப்படி ஆசீர்வதிப்பார்கள் என்பதும் தெரியாது. இந்தியர்கள் நடந்தும் உட்கார்ந்தும் காட்டினார்கள். அவர்கள் பார்த்து வரைந்தார்கள்.

எத்தனை படம்?

திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடும். இந்தப் படம் 135 நிமிடம், அதாவது 8,100 விநாடி. பெருக்கினால் 1,94,400 படங்கள்! அத்தனையும் வரைய வேண்டுமா? வேண்டாம். ஒரு சித்திரத்தை இரண்டு முறை காட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஏறத்தாழ ஒரு லட்சம் சித்திரங்கள் கையால் வரையப்பட்டன.

குரலும் உதடும்

இந்திப் பதிப்பில் ராமருக்கு அருண் கோவில் குரல் கொடுத்தார். ராவணனுக்கு அம்ரிஷ் புரி. கதை சொல்பவருக்கு சத்ருகன் சின்கா. மூன்று குரலும் வேறு வேறு. அதனால் கண்ணை மூடிக் கேட்டாலும், பேசுவது யார் என்று குழந்தைக்குத் தெரியும்.

மொழி மாற்றுவதில் ஒரு தொல்லை உண்டு. உதடு முன்பே வரையப்பட்டுவிட்டது. “அம்மா” என்று சொல்லும்போது நம் உதடு மூடித் திறக்கும். சித்திரத்தின் வாயோ அந்த நேரம் திறந்தே இருந்தால், குரல் ஒட்டாமல் நிற்கும். எனவே வாயசைவுக்குத் தக்க சொல்லைத் தேடி வசனம் எழுத வேண்டும்.

1993-ம் ஆண்டு டில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் காட்டப்பட்டது. சாகோ 2012-ல் காலமானார். 2025 ஜனவரி 24-ந் தேதி படம் தமிழிலும் பேசித் திரைக்கு வந்தது. அதைக் காண அவர் இல்லை.

அந்நியர் கெடுத்துவிடுவார் என்று அஞ்சினார்கள். அவரோ, தெரியாததை வெட்கப்படாமல் கேட்டுத் தெரிந்துகொண்டு வரைந்தார்.

கேட்டுச் செய்பவன் கெடுவதில்லை!