சனி, ஞாயிறு போக எத்தனை நாள்?

மென்பொருள் குழுக்களில் ஒருவர் எழுதிய மாற்றத்தை மற்றவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது பொது நிரலில் சேரும். அந்த ஒப்புதலுக்காக வைக்கப்படும் கோரிக்கைதான் புல் ரிக்வெஸ்ட். அது திறக்கப்பட்டு எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதை அதன் வயது என்கிறார்கள். இந்த வயதை நாட்காட்டி நாளாக எண்ணுவதா, வேலைநாளாக எண்ணுவதா என்பதில் விடை வெகுவாக மாறுகிறது.

இரண்டு நாளுக்கு மேல் கிடப்பவற்றுக்குச் சிவப்புக்கொடி காட்டும்படி பல குழுக்கள் ஏற்பாடு செய்துகொள்கின்றன. நாட்காட்டிப்படி எண்ணினால், வெள்ளிக்கிழமை காலையில் வந்ததெல்லாம் திங்கள் காலை சிவப்பாகிவிடும். இதில் யார் மீதும் தவறில்லை. ஆனால் வாரந்தோறும் இப்படிப் பொய்யாக எரியும் விளக்கை நாளடைவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நிஜமாகவே மறந்துபோன ஒன்றிரண்டும் அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடுகின்றன.

2025 பொங்கல் வாரத்தை எடுத்துக்கொள்ளலாம். சென்னைக் குழு ஒன்றில் ஜனவரி 10, வெள்ளிக்கிழமை மாலை ஒரு புல் ரிக்வெஸ்ட் திறக்கப்பட்டு, 20-ஆம் தேதி திங்களன்று பார்க்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். நாட்காட்டிப்படி வயது 10 நாள். இடையில் இரண்டு சனி, இரண்டு ஞாயிறு. 14, 15, 16 மூன்றும் பொங்கல் விடுமுறை. பைத்தானின் நம்பை நூலகத்தில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு:

```python
import numpy as np
np.busday_count('2025-01-10', '2025-01-20',
    holidays=['2025-01-14', '2025-01-15',
              '2025-01-16'])
```

விடை 3. எண்ணப்பட்டவை 10, 13, 17 ஆகிய தேதிகள். தொடக்க நாள் கணக்கில் சேரும், முடிவு நாள் சேராது. புதிதாகப் பயன்படுத்துவோர் ஒரு நாள் கூடக்குறையச் சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விடுமுறைப் பட்டியலை அந்தந்த அலுவலகமே தர வேண்டும். அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு 17-ஆம் தேதியையும் விடுமுறையாக்கி, ஈடாக ஜனவரி 25 சனிக்கிழமையை வேலைநாளாக்கியது. அதைப் பின்பற்றிய இடத்தில் விடை 2 ஆகிவிடும். ஈடுகட்டும் சனிக்கிழமையோ இன்னும் சிக்கல். இந்தக் கட்டளையின் பட்டியல் நாட்களைக் கழிக்கும், சேர்க்காது. அந்தச் சனியைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இதைவிடக் கடினமான கேள்வி, யாருடைய விடுமுறை என்பது. அதே புல் ரிக்வெஸ்ட்டைப் பார்க்க வேண்டியவர் கலிஃபோர்னியாவில் இருந்தால், அவருக்குப் பொங்கல் விடுமுறை கிடையாது. 10, பிறகு 13 முதல் 17 வரை என ஆறு வேலைநாட்கள் அவரிடம் இருந்தன. 20-ஆம் தேதி அங்கே மார்ட்டின் லூதர் கிங் நாள் என்பதால், 21 காலையிலும் கணக்கு 6-ஆகவே நிற்கும். காத்திருப்பது சென்னைக்காரர் என்றாலும் கை அசைய வேண்டியது அடுத்தவருடையது. ஆகவே யார் பார்க்க வேண்டுமோ, அவருடைய நாட்காட்டியை வைத்து எண்ணுவதே நியாயம். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டால், அதிலிருந்து எழுதியவருடைய நாட்காட்டி ஓடத் தொடங்க வேண்டும்.

நேரமண்டலமும் காலை வாரிவிடும். கிட்ஹப் தரும் `created_at` நேரம் யுடிசி கணக்கில் இருக்கும். ஜனவரியில் கலிஃபோர்னியாவில் வெள்ளி மாலை 5 மணி என்றால் யுடிசியில் சனி அதிகாலை 1 மணி. நேரத்தை உள்ளூருக்கு மாற்றாமல் தேதியை மட்டும் வெட்டி எடுத்தால், வெள்ளியன்று திறந்தது சனியன்று திறந்ததாகி ஒரு வேலைநாள் காணாமல் போகும். வெள்ளி மாலையில் திறந்தவற்றின் வயது மட்டும் விடாமல் ஒரு நாள் குறைவாக வந்தால் காரணம் அநேகமாக இதுவே.

வேறொரு குறையும் உண்டு. வெள்ளி மாலை 5-க்குத் திறந்து திங்கள் காலை 10-க்குப் பார்த்தாலும், வெள்ளி காலை 9-க்குத் திறந்து திங்கள் மாலை பார்த்தாலும், முழு நாள் கணக்கில் இரண்டுமே 1. ஒன்று சில மணி நேரம், மற்றொன்று கிட்டத்தட்ட இரண்டு முழு நாள். இந்த வேறுபாடு முக்கியமென்றால் வேலை மணியாக எண்ண வேண்டும். வாரக்கணக்கில் கிடப்பவற்றைத் தேடுவதற்கு நாள் போதும்.

நாட்காட்டி நாளைத் தூக்கியெறிந்துவிடவும் முடியாது. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் மாற்றத்துக்கு ஞாயிறும் நாள்தான். ஊடுருவ நினைப்பவர் விடுமுறை பார்ப்பதில்லை. திறந்த மூலத் திட்டங்களில் பலர் தங்கள் சொந்த நேரத்தில், சனி ஞாயிறில்தான் வேலை பார்க்கிறார்கள். அங்கே வேலைநாள் கணக்கு தலைகீழாகிவிடும். நெடுநாள் அசைவின்றிக் கிடப்பவற்றை மூடும் `actions/stale` கருவியும் இயல்பாக 60 நாட்காட்டி நாள் கழித்தே குறியிடுகிறது. அவ்வளவு நீண்ட காலத்தில் நாலைந்து விடுமுறைகளால் முடிவு பெரிதாக மாறாது. வேலைநாள் கணக்கின் பலன் தெரிவது இரண்டு, மூன்று நாள் என்ற குறுகிய கெடுக்களில்தான்.