ஒரே நிதி, இரண்டு விடைகள்: ஆண்டின் நடுவே பணம் போட்டால் வருவாய் விகிதத்தைக் கணக்கிடுவது எப்படி?

மார்ச் மாதக் கடைசி வாரத்தில், வருமானவரிப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில், ஆசிரியர் ஓய்வறையில் ஒரு விவாதம் எழுந்தது. பரஸ்பர நிதி ஒன்றில் பணம் போட்டிருந்த ஆசிரியை ஒருவர், “இந்த நிதி ஓராண்டில் 10 விழுக்காடு வளர்ந்ததாக நிறுவனத்தின் அறிக்கை சொல்கிறது. என் கைப்பேசிச் செயலியோ எனக்கு 10 விழுக்காடு இழப்பு என்று காட்டுகிறது. இரண்டில் எது பொய்?” என்று கேட்டார். எதுவும் பொய் இல்லை என்றதும் அவர் முகத்தில் தெரிந்த ஐயம் நியாயமானதுதான். அதைத் தீர்க்க எங்களுக்குக் கரும்பலகையும் பத்தாம் வகுப்புக் கணக்கும் போதுமாக இருந்தன.

கணக்கிட வசதியாக எண்களை முழு எண்களாக்கிக்கொள்வோம். ஏப்ரல் 1 அன்று நிதியின் ஓர் அலகின் விலை 10 ரூபாய். செப்டம்பர் முடிவில் அது 12.50 ரூபாய். அடுத்த மார்ச் 31 அன்று 11 ரூபாய். ஆசிரியை ஏப்ரல் 1 அன்று 1,00,000 ரூபாய் போட்டார். 10,000 அலகுகள் கிடைத்தன. ஆறு மாதத்தில் 25 விழுக்காடு ஏற்றம் கண்டதும் நம்பிக்கை பிறந்து, நிலுவைத் தொகையாக வந்த 3,00,000 ரூபாயையும் அக்டோபர் 1 அன்று போட்டார். அன்றைய விலை 12.50 என்பதால் 24,000 அலகுகள். மார்ச் 31 அன்று அவரிடம் இருந்த 34,000 அலகுகளின் மதிப்பு 3,74,000 ரூபாய். போட்டது 4,00,000. ஆக 26,000 ரூபாய் இழப்பு.

நிதியின் கணக்கு

நிறுவனம் சொல்லும் 10 விழுக்காடு எங்கிருந்து வந்தது? முதல் அரையாண்டில் நிதி 1.25 மடங்கானது. இரண்டாம் அரையாண்டில் 12.50 ரூபாய் 11 ரூபாயாகக் குறைந்தது, அதாவது 0.88 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1.10. இதுவே கால எடையிட்ட வருவாய். பணம் உள்ளே வரும் ஒவ்வொரு நாளிலும் ஆண்டைத் துண்டாக வெட்டுகிறோம். ஒவ்வொரு துண்டின் வளர்ச்சி மடங்கையும் தனியே கண்டு, எல்லாவற்றையும் பெருக்குகிறோம். எந்தத் துண்டில் ஒரு இலட்சம் இருந்தது, எந்தத் துண்டில் நான்கு இலட்சம் இருந்தது என்று இந்தக் கணக்கு கேட்பதே இல்லை.

இங்கே மாணவர்களுக்கும், சொல்லப்போனால் பெரியவர்களுக்கும், ஓர் ஐயம் வரும். நடுவில் மூன்று இலட்சம் உள்ளே வந்ததே, அது அலகின் விலையை உயர்த்தியிருக்காதா? உயர்த்தாது. அவர் கணக்கில் அக்டோபர் 1 காலையில் 10,000 அலகுகள், மதிப்பு 1,25,000. பணம் வந்தபின் 34,000 அலகுகள், மதிப்பு 4,25,000. இரண்டையும் வகுத்துப் பாருங்கள், விலை 12.50தான். புதிய பணம் புதிய அலகுகளைத் தன்னோடு அழைத்து வருவதால் பழைய அலகின் விலை அசைவதில்லை. அலகு முறையில் இயங்கும் நிதிகளில் நிகரச் சொத்து மதிப்பின் வளர்ச்சியைப் பார்த்தாலே கால எடையிட்ட வருவாய் கிடைத்துவிடுவது இதனால்தான். தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் நிதிகளும் இப்படி அலகு முறையில்தான் கணக்கு வைக்கின்றன.

இந்த முறை பரவலாக ஏற்கப்பட்டதற்குப் பின்னால் ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவில் நிறுவனங்களின் ஓய்வூதிய நிதிகளை வெளியார் நிர்வகித்து வந்தனர். எப்போது, எவ்வளவு பணம் போடுவது என்பதை நிறுவனம் முடிவு செய்தது. நிர்வாகிக்கு அதில் குரல் இல்லை. சந்தை சரிவதற்கு முந்தைய நாள் பெருந்தொகை வந்து சேர்ந்தால் அது அவர் குற்றமா? பீட்டர் டீட்ஸ் 1966இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1968இல் வெளிவந்த வங்கி நிர்வாக நிறுவனத்தின் ஆய்வும், நிர்வாகிகளை ஒப்பிடக் கால எடையிட்ட வருவாயையே பரிந்துரைத்தது.

பணம் போட்டவரின் கணக்கு

ஆசிரியையின் கேள்வி வேறு. நிர்வாகியின் திறமையை அவர் கேட்கவில்லை. தன் பணம் என்ன ஆனது என்று கேட்கிறார். அதற்குரியது பண எடையிட்ட வருவாய். அதை இப்படிக் கேட்கலாம்: ஆண்டு முழுவதும் ஒரே வட்டி விகிதம் தரும் ஒரு வங்கியில், அதே நாள்களில் அதே தொகைகளைப் போட்டிருந்தால், முடிவில் 3,74,000 ரூபாய் வர அந்த விகிதம் என்னவாக இருக்க வேண்டும்?

விகிதத்தை r என்போம். முதல் இலட்சம் ஓராண்டு முழுவதும் இருந்தது. அது (1+r) மடங்காகும். மூன்று இலட்சம் அரையாண்டு மட்டும் இருந்தது. அது (1+r)இன் வர்க்கமூல மடங்காகும். அந்த வர்க்கமூலத்தை x என்று எடுத்துக்கொண்டு, இலட்சத்தில் எழுதினால்:

x² + 3x = 3.74

பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடு. சூத்திரத்தில் இட்டால் x = (−3 + √23.96) / 2 = 0.9474. வர்க்கப்படுத்தினால் 0.8977. எனவே r என்பது −10.2 விழுக்காடு. செயலி காட்டியது இதைத்தான். மற்றொரு மூலம் குறை எண். வளர்ச்சி மடங்கு குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் அதை விட்டுவிடுகிறோம். “இந்த மூலத்தை ஏன் ஏற்கக் கூடாது?” என்று வகுப்பில் கேட்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

சமன்பாடு தீர்க்க நேரமில்லாதவர்களுக்கு டீட்ஸின் பெயரால் வழங்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. இழப்பை, சராசரியாக உள்ளே இருந்த பணத்தால் வகுக்க வேண்டும். ஒரு இலட்சம் முழு ஆண்டும், மூன்று இலட்சம் அரை ஆண்டும் இருந்ததால் சராசரி 1,00,000 + 1,50,000 = 2,50,000. இழப்பு 26,000. விடை −10.4 விழுக்காடு. சரியான விடைக்கு மிக அருகில் வந்துவிட்டது. பலர் 26,000ஐ 4,00,000ஆல் வகுத்து 6.5 விழுக்காடு இழப்பு என்று ஆறுதல் கொள்வார்கள். மூன்று இலட்சம் ஆறு மாதமே உள்ளே இருந்தது என்பதை அந்த வகுத்தல் மறந்துவிடுகிறது.

ஏற்ற இறக்கத்தை இடம் மாற்றினால்

இப்போது விலையின் பாதையை மட்டும் திருப்பிப் போடுவோம். முதலில் 10இலிருந்து 8.80க்கு இறங்கி, பிறகு 11க்கு ஏறியது என்க. 0.88ஐயும் 1.25ஐயும் எந்த வரிசையில் பெருக்கினாலும் 1.10தான். ஆகவே கால எடையிட்ட வருவாய் அதே 10 விழுக்காடு. ஆனால் ஆசிரியையின் மூன்று இலட்சம் இம்முறை 8.80 ரூபாய் விலையில் நுழைகிறது. அந்தப் பணம் 1.25 மடங்காகி 3,75,000 ஆகும். முதல் இலட்சம் 1,10,000 ஆகும். மொத்தம் 4,85,000. சமன்பாடு x² + 3x = 4.85; x = 1.1646; வருவாய் 35.6 விழுக்காடு.

அதே நிதி, அதே தொகைகள், அதே தேதிகள். ஒருமுறை −10.2, ஒருமுறை +35.6, நிதியின் கணக்கிலோ இரண்டு முறையும் 10. பெருக்கலின் பரிமாற்றுப் பண்பு நிதிக்குப் பொருந்துகிறது. நடுவில் பணம் போட்டவருக்குப் பொருந்துவதில்லை. இரண்டு விகிதங்களும் வேறுபட இரண்டு காரணங்களும் சேர்ந்தே இருக்க வேண்டும்: உள்ளே இருக்கும் பணத்தின் அளவு மாற வேண்டும், துண்டுக்குத் துண்டு வளர்ச்சி வேகமும் மாற வேண்டும். ஏப்ரலில் மட்டும் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தவருக்கு இரண்டும் 10 விழுக்காடே. வங்கித் தொடர் வைப்பில் மாதாமாதம் பணம் போட்டாலும், வட்டி மாறாததால், இரண்டும் ஒன்றாகவே வரும்.

கணினியில் சரிபார்க்க

மாதத் தவணையாகப் போட்டால் சமன்பாடு பன்னிரண்டாம் படிக்குப் போய்விடும். கையால் தீர்க்க முடியாது. ஊகித்து, இட்டுப் பார்த்து, நெருங்கிச் செல்ல வேண்டும். விரிதாளில் அந்த வேலையை ஒரு சார்பு செய்கிறது. A பத்தியில் தேதிகள், B பத்தியில் தொகைகள்: −100000, −300000, 374000. பிறகு,

```
=XIRR(B1:B3, A1:A3)
```

ஏப்ரல் 1, அக்டோபர் 1, மார்ச் 31 ஆகிய தேதிகளுக்கு −10.3 விழுக்காடு வரும். நாம் அரையாண்டு என்று எடுத்ததை அது 181 நாள் என்று எண்ணுவதால் இந்தச் சிறு வேறுபாடு. போட்ட பணத்துக்குக் குறைக் குறி இட மறந்தால் `#NUM!` என்று பிழை காட்டும். இழப்பு இருக்கும்போது சில வேளைகளில் `2.98E-09` போன்ற, பூச்சியத்தை ஒட்டிய எண் ஒன்று தோன்றும். அது விடையல்ல, கணினி விடையைத் தேடித் தோற்றுவிட்டது என்று பொருள். மூன்றாவது உள்ளீடாக −0.1 என்று ஓர் ஊகத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பணம் போடுவது மட்டும் நடந்து, கடைசியில் ஒரே மதிப்பு இருந்தால் விடை ஒன்றுதான்: x கூடக்கூட இடப்பக்கம் கூடிக்கொண்டே போவதால் அது 3.74ஐ ஒரே இடத்தில்தான் தொடும். போடுவதும் எடுப்பதும் மாறி மாறி வந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் வரக்கூடும். அப்போது செயலியின் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு மாதம்கூட ஆகாத கணக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் கிடைத்த 5 விழுக்காட்டை XIRR ஓராண்டுக்கு நீட்டி, ஏறக்குறைய 80 விழுக்காடு என்று காட்டும். அந்த வேகம் பன்னிரண்டு மாதமும் தொடரும் என்று அது எடுத்துக்கொள்கிறது.

ஆசிரியை கடைசியாகக் கேட்டார்: “அப்படியானால் இந்த நிதியை விட்டு வெளியேற வேண்டுமா?” அந்தக் கேள்விக்கு −10.2 உதவாது, அதில் நிதியின் போக்கும் அவர் தேர்ந்தெடுத்த அக்டோபர் மாதமும் கலந்திருக்கின்றன. அதே வகையைச் சேர்ந்த வேறு நிதிகள் அதே ஆண்டில் எவ்வளவு வளர்ந்தன என்று பார்த்து, அவற்றோடு 10 விழுக்காட்டைத்தான் ஒப்பிட வேண்டும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும் நாளில் மட்டும் மற்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அடுத்த மணி அடித்துவிட்டது. அவர் சமன்பாட்டைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனார்.