மழை நாளில் எடுத்த வீடியோ

"கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிஷம்" என்று ஒரு வீடியோவில் சொன்னதை நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மனை பார்க்கப் போனேன். காரில் முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. போய் இறங்கிய பிறகுதான், வீடியோவில் காட்டிய மனை விற்றுவிட்டது என்று தெரிந்தது. "அதே மாதிரி இன்னொண்ணு இருக்கு சார், கொஞ்சம் உள்ளே" என்றார் முகவர். அதற்குப் பிறகு அவர் அழைத்தபோதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை.

நாம் இன்று மனையை நேரில் பார்ப்பதற்கு முன் போனில் முகவரைத்தான் பார்க்கிறோம். இவர் பேச்சை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. "விலை அறிய இன்பாக்ஸ் வரவும்", "சில மனைகளே உள்ளன, முந்துங்கள்" என்ற வரிகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, சந்தேகத்தைத்தான் கூட்டுகின்றன. வாங்குபவர் பின்னால் எப்படியும் கண்டுபிடித்துவிடப் போகிற விஷயங்களை முகவரே முதலில் சொல்லிவிடுவதுதான் பலன் தரும் என்பது என் எண்ணம்.

காகிதத்திலிருந்து தொடங்கலாம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ விற்கவோ கூடாது. அத்தகைய மனைகளை விற்றுத்தரும் முகவருக்கும் தனியாகப் பதிவு எண் வேண்டும். பலரும் இந்த எண்ணைப் போஸ்டரின் மூலையில் பொடி எழுத்தில் போட்டுவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். ஒரு நிமிட வீடியோவில் rera.tn.gov.in தளத்தைத் திறந்து, மனைப்பிரிவின் எண்ணைத் தேடி எடுத்து, ஒப்புதல் பெற்ற லேஅவுட் வரைபடத்தில் தான் விற்கும் மனை எது என்று விரல் வைத்துக் காட்டலாமே! பார்ப்பவர் அதையே தன் போனில் செய்து பார்ப்பார். முகவர் சொன்னதும் தளத்தில் இருப்பதும் ஒத்துப்போனால், பாதி தயக்கம் அங்கேயே தீரும்.

தனிநபரின் மனையை விற்கும்போது மட்டும் கவனம் தேவை. உரிமையாளரின் பத்திரத்தையும் பட்டாவையும் அப்படியே பொதுவில் போட்டுவிடக் கூடாது. பெயர், கையெழுத்து, ஆதார் எண் எல்லாம் யார் கைக்கோ போய்ச் சேரும். சர்வே எண்ணை, உரிமையாளரின் சம்மதத்தோடு, கேட்பவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். அதை வைத்து வில்லங்கத்தை tnreginet.gov.in தளத்தில் அவரே பார்த்துக்கொள்வார்.

அடுத்தது பணம். 1,200 சதுர அடி மனை, சதுர அடி 2,500 ரூபாய் என்றால் விலை 30 லட்சம். பெரும்பாலான வீடியோக்கள் இதோடு நின்றுவிடுகின்றன. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், அதாவது 2 லட்சத்து 70 ஆயிரம் சேரும். பத்திரம் எழுதும் செலவு, முகவரின் கமிஷன் எல்லாம் அதற்கு மேல். இந்தக் கணக்கை ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதிக் காட்டலாம். அப்படிச் செய்தால் பட்ஜெட் ஒத்துவராதவர்கள் வரமாட்டார்கள். அது நஷ்டமில்லை. அவர்களுடைய ஞாயிறும் மிச்சம், முகவரின் பெட்ரோலும் மிச்சம்.

எல்லாவற்றையும்விட மனதில் நிற்பது மழை நாள் வீடியோ. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்கள், தாம்பரத்துக்குத் தெற்கே எந்த மனையைப் பார்த்தாலும் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஏப்ரலில் ட்ரோன் விட்டு எடுத்த படம் அதற்குப் பதிலாகாது. நவம்பரில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை அங்கே போய், மெயின் ரோட்டிலிருந்து மனை வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். எங்கே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று சொல்ல வேண்டும். ஸ்டேஷனிலிருந்து வரும் நேரத்தையும் வேலை நாள் காலை எட்டரை மணிக்கு எடுத்துக் காட்டலாம். தண்ணீர் நிற்கிற மனையை விற்க முடியாதே என்று கேட்கலாம். தெருவில் ஒரு நாள் நிற்கும் தண்ணீருக்காக எல்லோரும் ஒதுங்கிவிடுவதில்லை. விலையையும் கட்டப்போகும் அடித்தளத்தின் உயரத்தையும் அதற்கேற்ப யோசிப்பார்கள். மறைத்து வைத்து, அட்வான்ஸ் கொடுத்த பிறகு தெரியவந்தால்தான் சண்டை.

விற்றுப்போன மனையின் வீடியோவைத் தூண்டிலாக விட்டுவைக்காமல், விற்ற அன்றே "விற்றுவிட்டது" என்று எழுதிவிட வேண்டும். லைக் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ வேண்டியதில்லை. போனில் வரும் முதல் கேள்வியைக் கவனியுங்கள். "விலை என்ன, அப்ரூவல் இருக்கா?" என்று கேட்டவர்கள், "வீடியோ பார்த்தேன், ஞாயித்துக்கிழமை வரலாமா?" என்று கேட்கத் தொடங்கினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

முகவர் நண்பர்களே, அடுத்த மழைக்கு மறுநாள் குடையோடு கிளம்புங்கள். என்னைப் போல் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.